மூல நட்சத்திரத்தில் ஒரு குழந்தை

விருத்தாசலம் என்றதும் பக்தர்களுக்கு விருத்தகிரீசுவரர் ஆலயமும் மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். வியாபாரிகளுக்குப் பீங்கான் நினைவுக்கு வரும். மின்சாரக் கம்பங்களில் வெள்ளைக் குமிழ்களாய்த் தொங்குகின்றனவே, அவற்றிலிருந்து கொலுப் படியில் அமரும் பொம்மை வரையில் அநேகம் சாமான்கள் அந்த ஊர்ச் சூளைகளில் வெந்து வருகின்றன. இந்த வாரம் நமக்கு அந்த ஊரிலிருந்து கிடைத்திருப்பது ஒரு கடிதம். எண்பது வயதுப் பாட்டி ஒருத்தி 2025-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சென்னையிலிருக்கும் தன் பேத்திக்கு எழுதியது. எழுதியவரும் பெற்றவரும் பெயரைச் சொல்லக் கூடாதென்ற நிபந்தனையுடன் பிரசுரிக்க இசைந்தார்கள்.

சங்கதி இதுதான். பேத்திக்கு 2024-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி, திங்கட்கிழமை காலையில், விருத்தாசலத்தில் பெண் குழந்தை பிறந்தது. குரோதி வருஷம் மார்கழி மாதம் 15-ந் தேதி, அமாவாசை, மூல நட்சத்திரம். மூன்றாம் மாதத்தில் குழந்தையை எடுத்துக்கொண்டு புக்ககம் போனாள். அங்கே இரண்டு ஜோதிடர்களிடம் ஜாதகம் கணித்தார்கள். ஒருவர் தனுசு லக்கினம் என்றார். மற்றவர் மகர லக்கினம் என்றார். மூலம் இரண்டாம் பாதம் என்பதில் மட்டும் இருவருக்கும் பேதமில்லை. அது தாய்க்கு ஆகாது என்று யாரோ சொல்ல, வீட்டில் அனைவர் முகமும் வாடிவிட்டது. பேத்தி அழுதுகொண்டே பாட்டிக்கு எழுதினாள். பாட்டி ஜோதிடரின் மகள். பீங்கான் தொழிலாளி ஒருவரின் மனைவியாய் வாழ்ந்தவள். அவள் எழுதிய பதில் வருமாறு:

“சௌபாக்கியவதி பேத்திக்குப் பாட்டி அநேக ஆசீர்வாதம். இங்கு எல்லோரும் க்ஷேமம். மாசி மகம் முடிந்து ஊர் ஓய்ந்திருக்கிறது. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். குழந்தையின் ஜாதக நகல் இரண்டையும் பார்த்தேன். அம்மாடி, முதலில் கண்ணைத் துடைத்துக்கொள். அதில் எது உறுதி, எது உறுதியல்ல என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நல்லதையும் சொல்வேன், நல்லதல்லாததையும் மறைக்க மாட்டேன்.

ஜாதகம் என்பது குழந்தை பிறந்த வேளையில் வானம் இருந்த நிலையை எழுதிய கட்டம். அவ்வளவுதான். பன்னிரண்டு வீடுகள், அவற்றில் எந்தக் கிரகம் எங்கே நின்றது என்பது கணக்கு. அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அதற்குமேல் ‘இப்படி நின்றால் இன்னது நடக்கும்’ என்பது பலன். கணக்கு வேறு, பலன் வேறு. இந்த இரண்டையும் கலந்து சொல்வதனால்தான் வீட்டில் அழுகை உண்டாகிறது.

கணக்கிலே உறுதியானது நட்சத்திரம். சந்திரன் மூலத்தில் ஏறக்குறைய இருபத்துநாலரை மணி நேரம் இருந்தான். 29-ந் தேதி இரவு பதினொன்றேகால் மணி கடந்து புகுந்தான். 30-ந் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்னால் வெளியேறினான். உன் குழந்தை காலை ஏழரை மணியைத் தாண்டிப் பிறந்தாள். ஆகையால் பத்து நிமிஷம் முன்பின் ஆனாலும் நட்சத்திரமும் மாறாது, இரண்டாம் பாதமும் மாறாது.

உறுதியல்லாதது லக்கினம். கிழக்கு அடிவானத்தில் அந்த வேளையில் எந்த ராசி எழுகிறதோ அதுவே லக்கினம். அது சுமார் இரண்டு மணிக்கு ஒரு தடவை மாறும். அன்று நம் ஊரில் தனுசு முடிந்து மகரம் ஆரம்பித்தது காலை 7-38 சுமாருக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டிலே 7-35 என்று எழுதியிருக்கிறார்கள். நர்ஸ் அம்மாள் குழந்தையைத் துடைத்து உன்னிடம் காட்டிவிட்டு, பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதியதை நான் பக்கத்திலிருந்து கவனித்தேன். கடிகாரம் சரியா, அது எனக்குத் தெரியாது. தலை தெரிந்த நேரமா, முதல் அழுகையா, கொடி அறுத்த நேரமா எது ஜனன நேரம் என்பதிலும் பெரியவர்களுக்குள் ஏகமனதில்லை. ஆகவே மூன்று நிமிஷ வித்தியாசத்தை யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது.

இரண்டாம் ஜோதிடருக்கு மகரம் வந்ததற்கு வேறொரு காரணம் இருக்கலாம். நம் கையிலுள்ள கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரிய நேரத்தைக் காட்டுகிறது. விருத்தாசலம் அதற்கு மேற்கே 79 பாகை 20 கலையில் இருக்கிறது. பாகைக்கு நாலு நிமிஷமாகக் கணக்கிட்டால், நம் ஊர்ச் சொந்த நேரம் கடிகாரத்துக்குச் சுமார் 13 நிமிஷம் பின்னால். அந்தப் பதின்மூன்று நிமிஷத்தைக் கழிக்க மறந்தால் 7-35-ஐ 7-48 ஆக்கிப் பார்த்த மாதிரி ஆகும், மகரம் வந்துவிடும். அவர் எந்த ஊரை வைத்துக் கணித்தார், கழித்தாரா என்று கேட்டு எழுது.

இதனால் வரும் வேடிக்கையைப் பார். அன்று குரு ரிஷபத்தில் இருந்தார். மகர லக்கினமானால் ரிஷபம் ஐந்தாம் வீடு; ஐந்தில் குரு, லக்கினத்துக்குக் குரு பார்வை, புத்திசாலிக் குழந்தை என்பார்கள். தனுசு லக்கினமானால் அதே ரிஷபம் ஆறாம் வீடு. குரு மறைந்துவிட்டார் என்று உதட்டைப் பிதுக்குவார்கள். குழந்தை ஒன்றுதான், குருவும் நகரவில்லை. நர்ஸ் அம்மாளின் கடிகாரந்தான் நகர்ந்தது. ஐந்தில் குரு என்று யாராவது புகழ்ந்தாலும் நீ பூரித்துப் போக வேண்டாம். ஆறில் குரு என்று சொன்னாலும் கலங்க வேண்டாம்.

இனி மூலத்துக்கு வருகிறேன். உன்னை அழவைத்தது அதுதானே? வடதேசத்து முகூர்த்த நூல்களில், மூலம் முதற்பாதம் தகப்பனுக்கும், இரண்டாம் பாதம் தாய்க்கும், மூன்றாம் பாதம் பொருளுக்கும் ஆகாது. நாலாம் பாதம் சுபம் என்று இருக்கிறது. என் தகப்பனார் காட்டிப் படித்திருக்கிறேன்; இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நம் பக்கத்துப் பழமொழியோ மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்கிறது. தாயைப் பற்றிப் பேச்சே இல்லை. ‘ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்’ என்பதற்கோ, அது ‘ஆனி மூலம், பின் மூலம்’ என்பதன் திரிபு, கடைசிப் பாதத்தைத்தான் சொல்கிறது என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அப்படியானால் நூல் சுபமென்ற நாலாம் பாதம் பழமொழிக்கு நிர்மூலமாகிறது! ஒருவர் தாய் என்கிறார், ஒருவர் மாமனார் என்கிறார். ஒருவர் நல்லதென்ற பாதத்தை மற்றவர் கெட்டதென்கிறார். மூன்று சாட்சிகள் மூன்று விதமாகச் சொன்னால் எந்த நியாயாதிபதி தண்டனை விதிப்பார்?

இன்னும் ஒரு கணக்கு. நட்சத்திரம் இருபத்தேழு. ஆகவே ஜனங்களில் ஏறக்குறைய இருபத்தேழு பேருக்கு ஒருவர் மூலம். நம் தெருவில் மட்டும் எனக்குத் தெரிந்து நாலு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் மூவருடைய தாயார் பேரன் பேத்தி பார்த்தவர்கள். ஒருத்தியின் தாயார் சீக்கிரம் போய்விட்டாள். மற்ற நட்சத்திரக்காரிகளின் தாய்மார்களும் அப்படித்தான், சிலர் சீக்கிரம், பலர் பின்னால். போனவள் ஒருத்தியைத்தான் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. மேலும் மார்கழி அமாவாசையும் மூலமும் சேர்ந்த அன்றைத்தான் நாம் அனுமத் ஜயந்தி என்று கொண்டாடுகிறோம். காலையில் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாற்றிவிட்டு, அதே நாளில் அதே நட்சத்திரத்தில் வந்த சிசுவை மாலையில் முகம் சுளித்துப் பார்ப்பது எந்த விதத்தில் நியாயம் என்று உன் மாமியாரிடம் மரியாதையாகக் கேள். அவர்களும் ஒரு பெண்ணைப் பெற்றவர்கள்தான்.

அடுத்தது தசை. மூலத்துக்கு அதிபதி கேது. கேது தசை மொத்தம் ஏழு வருஷம். குழந்தை பிறந்தபோது சந்திரன் மூலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கடந்திருந்தான். ஆகவே ஏழில் மூன்றில் ஒரு பங்கு கழிந்து, மிச்சம் ஏறக்குறைய 4 வருஷம் 8 மாதம். நாலு நிமிஷம் தப்பினால் இதில் ஒரு வாரந்தான் மாறும். பஞ்சாங்கம் மாறினால் சில வாரம் மாறலாம். பிறகு இருபது வருஷம் சுக்கிர தசை. அதாவது குழந்தை பள்ளிக்கூடம் போவதிலிருந்து படிப்பு முடிகிற வரையில் சுக்கிரன். கலை, கல்வி, சௌக்கியம் என்று நூல்கள் சொல்லும் காலம் அது. எனக்கு இது சந்தோஷந்தான். ஆனால் சுக்கிர தசை பள்ளிக்கூடச் சம்பளம் கட்டாது. அதை நீங்கள் இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள்.

நல்லதல்லாததையும் சொல்கிறேனென்றேன். செவ்வாய் அன்று கடகத்தில் இருந்தான். தனுசு லக்கினமானால் எட்டாமிடம், மகரமானால் ஏழாமிடம். எப்படிப் பார்த்தாலும் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் ‘செவ்வாய் தோஷம்’ என்ற வார்த்தை வரும். அது திடீரென்று வந்து உன்னைத் தாக்கக் கூடாதென்று இப்பொழுதே சொல்கிறேன். ஆனால் இரண்டு, நாலு, ஏழு, எட்டு, பன்னிரண்டு ஆகிய ஐந்து வீடுகளில் எங்கிருந்தாலும் தோஷம் என்பது விதி. பன்னிரண்டில் ஐந்து! நூறு குழந்தை பிறந்தால் ஏறக்குறைய நாற்பது குழந்தைக்கு இது இருக்கும். இவ்வளவு பேருக்கு இருப்பதைக் குறை என்று சொல்வதா, குணம் என்று சொல்வதா? இதற்காகப் பரிகாரமென்று யாராவது இப்போதே பணம் கேட்டால், குழந்தைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை என்று சொல்லி அனுப்பு.

என் கதையையும் உனக்குச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது 1944-ஆம் வருஷம். அப்போது யுத்த காலம். 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரையில் தேசம் முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். வீட்டில் அந்த மணியைப் பார்த்துக் குறித்தார்கள். கணித்தவர் ஒரு மணியைக் கழிக்கவில்லை. என் லக்கினம் ஒரு வீடு தள்ளிப் போய்விட்டது. மூன்றாமிடத்தில் செவ்வாய், தோஷமில்லை என்று கல்யாணம் பண்ணி வைத்தார்கள். போன வருஷம் உன் தம்பி கம்ப்யூட்டரில் சரியாகக் கணித்துக் காட்டினான், செவ்வாய் நாலாமிடத்தில்! தப்பான ஜாதகத்தை நம்பி உன் தாத்தாவுடன் ஐம்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். நன்றாகத்தான் பண்ணினேன். சண்டை போட்ட நாட்களும் உண்டு. அவை செவ்வாயினால் அல்ல, அவர் சூளையில் இரவு தங்கிவிட்டுச் சொல்லி அனுப்பாததனால்.

இந்த மாதம் 29-ந் தேதி சனிப்பெயர்ச்சி என்று பத்திரிகையெல்லாம் எழுதுகிறது. தனுசு ராசிக்குச் சனி நாலாமிடம் வருகிறான், அர்த்தாஷ்டமச் சனி என்று உன்னிடம் வந்து சொல்வார்கள். அது திருக்கணிதப் பஞ்சாங்கம். வாக்கியப் பஞ்சாங்கத்திலோ சனி மீனத்துக்குப் போவது 2026 மார்ச்சு 6-ந் தேதி. நடுவே பதினொரு மாதம்! அந்தப் பதினொரு மாதத்தில் குழந்தைக்குச் சளி பிடித்தால் எந்தப் பஞ்சாங்கத்தின் சனி காரணம்? வைத்தியரிடம் போ. தடுப்பூசித் தேதிகளை ஒரு நாளும் தவறவிடாதே. அந்த அட்டவணையில் வாக்கியமும் இல்லை, திருக்கணிதமும் இல்லை.

கடைசியாக ஒன்று. பன்னிரண்டு வயதுக்குள் குழந்தைக்கு ஆயுள் கணிக்கக் கூடாதென்று ஜோதிட நூலே சொல்கிறது. முதல் நாலு வருஷம் தாயின் வினையையும், அடுத்த நாலு வருஷம் தகப்பன் வினையையும், அதன் பின் நாலு வருஷம் தன் வினையையும் ஒட்டிக் குழந்தை வாழ்கிறது என்பது அதன் கருத்து. ஆயுளைப் பற்றி யார் பேச வந்தாலும் இதைச் சொல்லி நிறுத்திவிடு. உன் தாத்தா பச்சைப் பீங்கானைத் தட்டிப் பார்க்க விட மாட்டார். வேகாத சாமானில் ஓசை வராது; தட்டினால் உடைவதுதான் மிச்சம் என்பார். வெந்து வெளியே வந்த பிறகுதான் விரலால் சுண்டிக் கணீரென்கிறதா என்று கேட்பார். குழந்தையும் இப்போது பச்சை மண். யாரும் தட்டிப் பார்க்க வேண்டாம்.

ஜாதகத்தை மஞ்சள் தடவிப் பெட்டியில் வை. ஆஸ்பத்திரிச் சீட்டையும் அதோடு சேர்த்து வை. நீ வேளைக்குச் சாப்பிடு, தூங்கு. தாய்க்கு ஆகாதது என்று ஒன்று உண்டானால், பிள்ளை பெற்ற மூன்றாம் மாதத்தில் பட்டினி கிடந்து அழுவதுதான். குழந்தைக்கு என் முத்தம். சித்திரையில் வந்து பார்க்கிறேன். இப்படிக்கு உன் பாட்டி.”

கடிதம் இவ்வளவுதான். பாட்டி ஜோதிடத்தை நம்புகிறாளா, இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். அவள் நம்புகிறாள். சுக்கிர தசை என்றதும் அவளுக்கு உண்டாகும் மகிழ்ச்சியே அதற்குச் சாட்சி. ஆனால் நம்பிக்கை எந்த இடத்தில் கணக்கை விட்டு விலகுகிறது என்பதையும் அவள் அறிந்திருக்கிறாள். இந்த இரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்திருப்பது அபூர்வம்.

பலன் பகுதியைச் சோதித்துப் பார்த்தவர்களும் நம் தேசத்தில் உண்டு. 2008-ஆம் வருஷத்தில் வான சாஸ்திரி ஜயந்த் நார்லிகரும் அவருடைய சகாக்களும் மகாராஷ்டிரத்தில் ஒரு பரீட்சை நடத்தினார்கள். படிப்பில் கெட்டிக்காரர்களான நூறு குழந்தைகளின் ஜாதகங்களையும், மன வளர்ச்சி குன்றிய நூறு குழந்தைகளின் ஜாதகங்களையும் சேகரித்துக் கலந்தார்கள். ஜோதிடர் ஒவ்வொருவருக்கும் நாற்பது ஜாதகங்கள் கொடுத்து, எது எந்த வகை என்று பிரிக்கச் சொன்னார்கள். இருபத்தேழு பேர் விடையனுப்பினார்கள். சராசரியாக நூற்றுக்கு 46 சரியாயிருந்தது. காசைச் சுண்டிப் போட்டுப் பூவா தலையா பார்த்தாலும் ஐம்பது கிடைக்கும். குழந்தையின் புத்தி விஷயத்திலேயே இவ்வளவுதானென்றால், தாயின் ஆயுளைக் குழந்தையின் பாதத்தைக் கொண்டு சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

ஆனாலும் குழந்தை பிறந்த வீட்டில் ஜாதகம் எழுதும் வழக்கம் நாளைக்கே நின்றுவிடப் போவதில்லை. ஆகையால் எழுதுகிறவர்கள் பாட்டியின் கடிதத்திலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். ஜாதகத்தின் மேலேயே பிறந்த ஊர், குறித்த நேரம், அதைக் குறித்தவர் யார், எந்தப் பஞ்சாங்கம் என்பவற்றை எழுதி வைக்கச் சொல்லுங்கள். லக்கினம் மாறுகிற எல்லைக்குப் பக்கத்தில் பிறப்பு நேர்ந்திருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். ‘சந்தேகம்’ என்று எழுதக் கூசாதவரே நல்ல கணிதர். பலன் சொல்லும்போது தாய் தகப்பன் ஆயுளைப் பற்றி ஒரு வார்த்தை எழுந்தாலும், காகிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு என்ன நடந்தது என்று பேத்தியைக் கேட்டோம். மாமியார் அதைத் தாமே வாங்கிப் படித்தாராம். வடைமாலை இடம் வந்ததும் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாராம். மறுநாள் முதல் குழந்தையைக் குளிப்பாட்டும் வேலையை அவரே எடுத்துக்கொண்டு விட்டாராம்.